கல்லில் போட்டதும் மீன் துண்டு உடைகிறதா? முதலில் அதன் கனத்தைப் பாருங்கள்!

திருவண்ணாமலை செங்கம் சாலைப் பக்கம் ஒரு வீடு. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே நான்கு துண்டு வஞ்சிரம் பாழானது. மருமகள் ஆசையாக மசாலா தடவித் தோசைக்கல்லில் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடியில் கருகிவிடுமோ என்ற பயத்தில் திருப்பியை உள்ளே விட்டார். மசாலா கல்லிலேயே ஒட்டிக்கொண்டது, மீன் இரண்டாகப் பிளந்தது. அதைச் சேர்த்துவைக்க இன்னொரு முறை திருப்பியபோது நான்காக உதிர்ந்தது. கடைசியில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கிப் போட்டு, "இன்னைக்கு மீன் புட்டு" என்று பரிமாறிவிட்டார்கள். ருசியில் குறையில்லை. ஆனாலும் வஞ்சிரம் விற்கிற விலைக்கு அது புட்டாக வேண்டிய மீன் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பம் சாப்பிட வருகிறது. தட்டில் முழுத் துண்டு வைத்தாக வேண்டும்.

"கல்லு மேல தப்பில்லம்மா. நீ அவசரப்பட்டுட்ட" என்றார் மாமியார்.

"கருகிட்டா என்ன பண்றது அத்தை?"

"கருகாத மாதிரி தீயை வெச்சா, அவசரப்பட வேண்டிய வேலையே இல்ல."

மீன் வறுவலின் விஷயம் முழுவதும் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. வெளியே சிவக்கும் நேரமும் உள்ளே வேகும் நேரமும் ஒன்றாக முடிய வேண்டும். அதற்கு எவ்வளவு தீ, எத்தனை நிமிடம் என்பதைத் துண்டின் கனம்தான் முடிவு செய்கிறது.

குழம்புக்கா, வறுவலுக்கா?

திருவண்ணாமலைக்கு மீன் இரண்டு வழியாக வருகிறது. வஞ்சிரம், சங்கரா போன்ற கடல் மீன்கள் கிழக்குக் கடற்கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகின்றன. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிகூட நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. மற்றொன்று, தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை. ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். அணையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் வாசலில் இருக்கும் கடைகளில் மீன் வறுவல் சாப்பிடாமல் திரும்புவது அபூர்வம். கட்லா, ரோகு, ஜிலேபி ஆகியவை அணை மீன்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் 61 நாட்களில், ஊர்க் கடைகளில் அணை மீனுக்குக் கிராக்கி கூடும்.

வறுவலுக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. வஞ்சிரத்தின் சதை இறுக்கமானது. நடு முள்ளைத் தவிர தொந்தரவு குறைவு. கட்லாவின் சதை மென்மையானது. இதழ் இதழாகப் பிரியும், ஈரமும் அதிகம். வஞ்சிரத்துக்குப் பழகிய கை அதே வேகத்தில் கட்லாவைத் திருப்பினால் துண்டு உடைந்துவிடும்.

மீன் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "குழம்புக்கா, வறுவலுக்கா?" என்பதுதான். "வறுவலுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காமல், எவ்வளவு கனம் வேண்டும் என்பதையும் விரலைக் காட்டிச் சொல்வது நல்லது. வஞ்சிரத்துக்குச் சுண்டுவிரல் கனம், அதாவது ஏறக்குறைய 1.2 செ.மீ. கட்லாவுக்குக் கட்டைவிரல் கனம், ஏறக்குறைய 2 செ.மீ. மென்மையான சதையை ஒல்லியாக வெட்டினால் தூக்கும்போதே ஒடியும். அதனால்தான் கட்லாவுக்குக் கொஞ்சம் கூடுதல் கனம் தேவை.

அதைவிட முக்கியம், எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் இருப்பது. கத்தி சாய்ந்து வெட்டிய துண்டு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். மெலிந்த பக்கம் வெந்து காய்ந்தபிறகும் தடித்த பக்கம் பச்சையாகவே கிடக்கும். அந்தத் துண்டுக்குச் சரியான நேரம் என்று ஒன்று கிடையாது.

வாங்கும் முன் வெட்டிய முகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். சதை ஒன்றோடொன்று ஒட்டி, பளபளப்பாக இருக்க வேண்டும். இதழ்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, வாய் பிளந்த மாதிரி தெரிந்தால் மீன் பிடித்து நாளாகிவிட்டது, அல்லது சரியாக ஐஸில் வைக்கப்படவில்லை என்று அர்த்தம். அந்தத் துண்டு எவ்வளவு பக்குவமாக வறுத்தாலும் உடையும். அதைக் குழம்பிலும் போட வேண்டாம். வாங்காமல் விடுவதே நல்லது.

மீன் ஏன் உடைகிறது?

ஆட்டுக்கறியை வேகவைக்கக் குக்கரில் பல விசில் விடுகிறோம். அதன் தசைகளைக் கட்டிப்போட்டிருக்கும் நார் அவ்வளவு கெட்டி. மீனின் கதை வேறு. அதன் தசை சிறு சிறு இதழ்களாக அடுக்கப்பட்டிருக்கும். இதழுக்கும் இதழுக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று பசை மாதிரி இருக்கிறது. சூடு 50, 60 டிகிரி செல்சியஸ் வந்தாலே அந்தச் சவ்வு கரைந்துவிடும். வெந்த மீன் வாயில் போட்டதும் பிரிவதற்குக் காரணம் இதுதான். திருப்பும்போது உடைவதற்கும் இதுவே காரணம்.

அப்படியானால் வெந்துகொண்டிருக்கும் துண்டைத் தாங்கிப் பிடிப்பது எது? நடு முள், சுற்றியுள்ள தோல், அடியில் உருவாகும் மொறுமொறுப்பான மேல்தோடு. முள்ளும் தோலும் மீனோடு வந்தவை. தோடு மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

பச்சை மீன் சூடான இரும்பைத் தொட்டதும் அதன் புரதம் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்கம் ஈரம் போய், காய்ந்து சிவந்து தோடு கட்டியபிறகு அந்தப் பிடி தானாகத் தளரும். போன வாரம் மருமகள் திருப்பியை விட்டது, ஒட்டுதல் முழுதாக இருந்து தோடு இன்னும் கட்டாத நேரத்தில். அப்போது திருப்பினால் உடையாமல் எப்படி இருக்கும்?

ஈரம் போனால்தான் சிவக்கும்

தண்ணீர் இருக்கும்வரை மீனின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. சிவப்பதற்கோ அதைவிட நல்ல சூடு வேண்டும். ஈரத் துண்டைக் கல்லில் போட்டால் முதல் இரண்டு மூன்று நிமிடம் ஆவி போவதிலேயே கழியும். மீன் வறுபடாமல் அவியும். தோடு கட்டுவதற்குள் உள்ளே வெந்து, சவ்வும் கரைந்துவிடும்.

எனவே ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த மீனுக்கு முதல் வேலை, தண்ணீரை எடுப்பது. ஆறு துண்டு கட்லா, நான்கு துண்டு வஞ்சிரம், மொத்தம் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. கழுவி வடியவிட்டபிறகு இரண்டு தேக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளும் தடவி 15 நிமிடம் வைத்தார்கள். உப்பு மேற்பரப்பிலிருந்து தண்ணீரை இழுக்கும், சதையையும் கொஞ்சம் இறுக்கும். தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒவ்வொரு துண்டையும் சுத்தமான துணியால் இரு பக்கமும் ஒற்றி எடுத்தார்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. துணியில் ஈரம் வராதவரை ஒற்ற வேண்டும்.

அடுத்தது மசாலா. மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மல்லித்தூள் ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, நைஸாக அரைத்த இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். கடைசியாக ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு. மிச்ச ஈரத்தை மாவு பிடித்துக்கொள்ளும், தோடும் கெட்டியாகும். உப்பு ஏற்கெனவே மீனில் ஏறியிருப்பதால் மசாலாவில் ஒரு சிட்டிகை போதும். தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. மசாலா விரலில் எடுத்தால் வழியாமல் நிற்க வேண்டும். தளர்வாக இருந்தால் அது மீனை விட்டுவிட்டுக் கல்லில்தான் தங்கும்.

எலுமிச்சை போட்ட மீனை மணிக்கணக்கில் ஊறவைக்கக் கூடாது. புளிப்பு சதையை வெளுக்கவைத்து, மேலே மாவு மாதிரி ஆக்கிவிடும். இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, கல் ஏற்றும் முன் பத்து நிமிடம் வெளியே எடுத்தால் போதும். திருவண்ணாமலை வெயிலில் அதற்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

ஒரு செ.மீ-க்கு நான்கு நிமிடம்

மீன் எத்தனை நிமிடம் வேக வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்கப் பரவிய ஒரு கணக்கு இருக்கிறது. கனடா அரசின் மீன்வளத்துறை பிரபலப்படுத்தியது. மீனின் மிகத் தடித்த இடத்தை அளந்து, ஓர் அங்குலத்துக்கு மொத்தம் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வதுதான் அது. நம் அளவில் சொன்னால் ஒரு செ.மீ-க்கு நான்கு நிமிடம்.

இந்த நேரத்தை இரண்டு பக்கத்துக்கும் சரிபாதியாகப் பிரிக்கக் கூடாது. முதல் பக்கம் வேகும்போது மீன் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்கிறது. திருப்பும்போது நடுப்பகுதிவரை சூடு ஏறியிருக்கும். அதனால் முதல் பக்கத்துக்கு ஐந்தில் மூன்று பங்கு, இரண்டாம் பக்கத்துக்கு ஐந்தில் இரண்டு பங்கு.

சுண்டுவிரல் கன வஞ்சிரத்துக்கு மொத்தம் ஐந்து நிமிடம்: முதல் பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. கட்டைவிரல் கனக் கட்லாவுக்கு மொத்தம் எட்டு நிமிடம்: முதல் பக்கம் ஐந்து, மறுபக்கம் மூன்று. செல்போனில் டைமர் வைத்துக்கொண்டால் பயத்தில் முன்கூட்டியே திருப்பும் பழக்கம் போய்விடும்.

இனி தீ. மிளகாய்த்தூள் தடவிய தோடு பொன்னிறம் தாண்டிச் செம்பழுப்பாக மாற, ஒல்லித் துண்டுக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது. எனவே தீ நன்றாக இருக்க வேண்டும்: மீடியத்துக்குக் கொஞ்சம் மேல். தடித்த துண்டுக்கு அதே நிறம் வர ஐந்து நிமிடம் இருக்கிறது. அதே தீயை வைத்தால் மூன்றாவது நிமிடத்திலேயே நிறம் வந்துவிடும், மீதி இரண்டு நிமிடம் கருகும். ஆகவே முதல் ஒரு நிமிடம் மீடியம், பிறகு மீடியத்துக்கும் சிம்முக்கும் நடுவே. ஒல்லித் துண்டைச் சிம்மில் வைத்தால் நேர் எதிரான தவறு நடக்கும்: நிறம் வருவதற்குள் உள்ளே வெந்து வறண்டு, தோடே இல்லாமல் திருப்பும்போது உதிரும்.

இந்தக் கணக்குக்கு எல்லையும் உண்டு. ஒரு செ.மீ-க்கும் ஒல்லியான துண்டு கணக்கைவிடச் சீக்கிரம் வெந்துவிடும். ஓர் அங்குலத்தைத் தாண்டினால் சூடு நடுவுக்குப் போய்ச் சேரக் கணக்கைவிட அதிக நேரம் எடுக்கும். அதற்குள் மசாலா தாங்காது. அவ்வளவு தடித்த துண்டைக் குழம்புக்கு வைத்துக்கொள்வதே உத்தமம்.

கல் சொல்லும், சத்தம் சொல்லும்

ஞாயிறு மதியம். பத்து அங்குல இரும்புத் தோசைக்கல்லை மீடியம் தீயில் ஐந்து நிமிடம் காயவைத்தார் மாமியார். இரும்பு மெதுவாகச் சூடாகும். சூடானபின் அதை விடாமல் பிடித்துவைக்கும். குளிர்ந்த மீனைப் போட்டாலும் சட்டென்று ஆறாது. நான்ஸ்டிக் தவாவாக இருந்தால் இவ்வளவு நேரம் காயவைக்கக் கூடாது. எண்ணெயோடு சேர்த்து ஓரிரு நிமிடம் மீடியத்தில் சூடாக்கினால் போதும்.

இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் ஊற்றி, மசாலாவில் ஒரு துளியைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தார். உடனே சுற்றிலும் குமிழி வந்தது. பத்து நொடி ஆகியும் கருக்கவில்லை. அதுதான் சரியான சூடு. குமிழி வரத் தாமதித்தால் கல் காயவில்லை. போட்டவுடன் கருத்தால் அடுப்பைக் குறைத்து ஒரு நிமிடம் விட வேண்டும்.

முதலில் வஞ்சிரம். நான்கையும் ஒரே நேரத்தில் போடப் போன மருமகளை மாமியார் தடுத்தார். "ரெண்டு ரெண்டா போடும்மா. நாலையும் போட்டா கல்லு ஆறிப்போவும், தண்ணி விட்டுக்கும்."

ஒவ்வொரு துண்டையும் முதுகுப் பக்கம் கல்லின் நடுவிலும், வயிற்றுப் பக்கம் ஓரத்திலும் இருக்குமாறு வைத்தார்கள். முதுகுச் சதை தடிமன், வயிற்றுச் சதை மெலிசு. கல்லின் நடுவில் சூடு அதிகம், ஓரத்தில் குறைவு. இப்படி வைத்தால் வயிற்றுப் பக்கம் முந்திக்கொண்டு கருகாது.

டைமர் ஓடியது. முதலில் 'சொய்ங்' என்று பலத்த சத்தம். அது ஈரம் ஆவியாகும் சத்தம். ஒன்றரை நிமிடத்துக்குப் பிறகு சத்தம் தணிந்து 'சிடுசிடு' என்று மெலிந்தது. தண்ணீர் போய் வறுபட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் தணியாமல் திருப்பியைத் தொடவே கூடாது.

மூன்றாவது நிமிடம் வந்ததும் மருமகள் திருப்பியின் நுனியால் துண்டின் ஓரத்தை லேசாகத் தள்ளிப் பார்த்தார். முதல் துண்டு வழுக்கி நகர்ந்தது. இரண்டாவது நகரவில்லை.

"அத்தை, இது ஒட்டிக்கிச்சு."

"விடு. இன்னும் அரை நிமிஷம். தானா விடும்."

அரை நிமிடத்தில் அதுவும் விட்டது. டைமர் ஒரு வழிகாட்டிதான். கடைசி வார்த்தை மீனுடையது. நகராத துண்டைச் சுரண்டி எடுப்பதற்குப் பதில் 30 நொடி காத்திருந்தால் பெரும்பாலும் பிரச்னை தீர்ந்துவிடும். இரண்டு முறை காத்திருந்தும் விடவில்லை என்றால், கல்லில் எண்ணெய் போதவில்லை. ஓரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கல்லைச் சாய்த்து அடியில் ஓடவிட வேண்டும்.

வயிற்றுப் பக்கத்துப் பிளவின் உட்புறமும் இன்னொரு சாட்சி. அங்கே மசாலா அவ்வளவாக ஒட்டாது. கண்ணாடி மாதிரி இருக்கும் பச்சைச் சதை வெந்ததும் வெள்ளையாகும். அந்த வெள்ளை அடியிலிருந்து பாதி உயரத்தைத் தாண்டியிருந்தால் திருப்பலாம்.

ஒரே முறைதான் திருப்ப வேண்டும்

திருப்பியை எந்தப் பக்கத்திலிருந்து விடுகிறோம் என்பதும் முக்கியம். வயிற்றுப் பக்கத்திலிருந்து விட்டால் அந்த இரண்டு மெல்லிய கால்கள் கிழியும். முதுகுப் பக்கத்திலிருந்து, நடு முள்ளைத் தாண்டும்வரை திருப்பியை முழுதாக உள்ளே தள்ள வேண்டும். மேலே ஒரு கரண்டியை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, உயரத் தூக்காமல் அப்படியே சாய்த்துப் புரட்ட வேண்டும். திருப்பி அகலமாகவும் தகடு மெல்லியதாகவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இடுக்கியால் மீனைத் தூக்கக் கூடாது. இரண்டு இடத்தில் மட்டும் அழுத்தம் விழுந்து அங்கேயே ஒடியும்.

திருப்பியபிறகு மீண்டும் புரட்டவில்லை, அழுத்தவில்லை. ஒவ்வொரு முறை புரட்டும்போதும் உள்ளே சவ்வு இன்னும் கரைந்திருக்கும். முதல் முறை தாங்கிய துண்டு மூன்றாவது முறை தாங்காது. இரண்டு நிமிடத்தில் வஞ்சிரம் இறங்கியது.

அடுத்த ஈட்டுக்கு முன் மாமியார் கல்லைச் சுரண்டி, துணியால் துடைத்து, புது எண்ணெய் விட்டார். முதல் ஈட்டில் உதிர்ந்த மசாலா கல்லிலேயே கிடந்தால் கருகும். அந்தக் கருகலில்தான் அடுத்த மீன் ஒட்டும். "முதல் ரெண்டு நல்லா வந்துச்சு, அப்புறம்தான் உடைஞ்சுது" என்று பலரும் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வஞ்சிரம் முடிந்ததும் கட்லா. மூன்று மூன்றாக இரண்டு ஈடு. முதல் நிமிடம் மீடியம், பிறகு தீயைக் குறைத்தார்கள். ஈரம் அதிகம் என்பதால் சத்தம் தணியவே மூன்று நிமிடம் ஆனது. நாலாவது நிமிடத்தில் மருமகளின் கை திருப்பியை நோக்கிப் போனது. மாமியார் பார்த்த பார்வையில் நின்றது. ஐந்தாவது நிமிடத்தில் தள்ளிப் பார்த்தபோது துண்டு நகர்ந்தது. புரட்டினார். செம்பழுப்பில் ஒரே சீரான தோடு, ஒரு கீறல்கூட இல்லை.

மறுபக்கம் மூன்று நிமிடம். வெந்ததா என்று பார்க்கும் இடம் நடு முள்தான். கடைசியாக வேகும் இடம் அதுவே. ஒரு பல் குச்சியை முள்ளை ஒட்டி மெதுவாகக் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். முள்ளோரம் சிவப்பாக ரத்தம் தெரிந்தாலோ, சதை ரப்பர் மாதிரி எதிர்த்தாலோ இன்னும் ஒரு நிமிடம் சிம்மில் வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருப்பவர்கள் நடுவில் 63 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கலாம். ஒரு துண்டு மட்டும் முள்ளோரம் இறுக்கமாக இருந்தது. அதை ஒரு நிமிடம் விட்டு எடுத்தார்கள்.

மூடி போட்டால் சீக்கிரம் வேகுமே என்று தோன்றலாம். வேகும்தான். ஆனால் மூடியில் சேரும் ஆவி மீன்மேல் சொட்டி, கஷ்டப்பட்டுக் கட்டிய தோட்டை நனைத்துவிடும்.

இறக்கியதும் தொடாதீர்கள்

கல்லைவிட்டு இறங்கிய நிமிடம்தான் மீன் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரம். கரைந்த சவ்வு அப்போது வெறும் திரவம். இரண்டு மூன்று நிமிடம் ஆறினால் அது மறுபடி கொஞ்சம் கெட்டிப்படும், துண்டு தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். அதற்குள் தட்டு மாற்றுவதோ, ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதோ கூடாது. அடுக்கினால் கீழ்த் துண்டு ஆவியில் நமுத்து, மேல் துண்டின் எடையில் ஒடியும். இட்லித் தட்டையோ வடிதட்டையோ கவிழ்த்து, அதன்மேல் பரப்பி வைத்தால் அடிப்பக்கமும் மொறுமொறுப்பாக இருக்கும்.

அன்று பத்துத் துண்டில் ஒன்பது முழுசாகத் தட்டுக்கு வந்தன. ஒரு கட்லாவின் வயிற்றுப் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு ஓரம் ஒடிந்தது. கடையில் கத்தி சாய்ந்து, அந்தப் பக்கம் மெலிசாக விழுந்த துண்டு அது.

நாத்தனார் தட்டில் வஞ்சிரம் முழு வட்டமாக உட்கார்ந்தது. "யார் வறுத்தது?" என்று கேட்டார்.

"உன் தம்பி பொண்டாட்டிதான்" என்றார் மாமியார். ஒடிந்த துண்டு அவர் தட்டில் இருந்தது.